ஒரு தூணுக்குக் கம்பி என்ன விலையாகும்?

தூண் ஒன்றுக்கான கம்பிச் செலவு மூன்று எண்களின் பெருக்கல்தான். கம்பியின் மொத்த நீளம் மீட்டரில், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில், ஒரு கிலோவின் விலை ரூபாயில். மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும். வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது எண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைப்பதற்காக நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். மதிப்பீடு பிழைப்பதோ முதல் எண்ணில். வாங்குகிறவருக்குத் தெரியாமல் பணம் நழுவுவது இரண்டாவது எண்ணில். எனவே விலையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, நீளத்திலும் எடையிலும் நின்று பார்ப்பதே முறை.

கணக்குக்கு ஒரு தூணை எடுத்துக்கொள்ளலாம். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. தூணின் குறுக்களவு 300 × 450 மி.மீ., அதாவது ஓரடிக்கு ஒன்றரையடி. நிற்கும் கம்பி 16 மி.மீ. விட்டத்தில் ஆறு: நான்கு மூலைக்கு நான்கு, நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. அவற்றைச் சுற்றிக் கட்டும் ரிங் 8 மி.மீ. கம்பியில். கான்கிரீட் எம்25, கம்பி எஃப்இ 500. ஆறு கம்பிகளின் குறுக்குவெட்டுப் பரப்பு 1206 சதுர மி.மீ.; தூணின் பரப்பில் இது 0.89 சதவீதம். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 தூணுக்குக் குறைந்தது 0.8 சதவீதம் கேட்கிறது. அந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் தூண் இது.

மீட்டருக்கு எத்தனை கிலோ

கம்பி விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். கம்பி கட்டுகிற மேஸ்திரி முதல் பொறியாளர் வரை எல்லாருக்கும் இது மனப்பாடம். அடிக்கணக்கில் பேசுகிறவர்கள் 162க்குப் பதில் 533 ஆல் வகுக்கிறார்கள். அந்த 162 எங்கிருந்து வந்தது என்பது எளிது. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. 1 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் குறுக்குவெட்டு 0.7854 சதுர மி.மீ. இரண்டையும் பெருக்கி மீட்டருக்கு மாற்றினால் 0.006165 கிலோ வரும். ஒன்றை அதனால் வகுத்தால் 162.2.

16 மி.மீ. கம்பிக்கு 256ஐ 162 ஆல் வகுக்க 1.58 கிலோ. 8 மி.மீ. கம்பிக்கு 64ஐ வகுக்க 0.395 கிலோ. விட்டம் பாதியானால் எடை கால்பங்காகிறது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன. ஐ.எஸ். 1786 தரும் பட்டியலிலும் இதே எண்கள்தான்: 10 மி.மீ.க்கு 0.617, 12க்கு 0.888, 20க்கு 2.47, 25க்கு 3.85 கிலோ. கம்பியின் வலிமைத் தரம் எஃப்இ 500 ஆனாலும் எஃப்இ 550 ஆனாலும் எடை மாறாது. தரம் மாறினால் தேவைப்படும் கம்பியின் அளவு மாறலாம், கிலோவின் விலை மாறலாம்; மீட்டரின் எடை மாறாது.

நிற்கும் கம்பியின் நீளம்

அவசர மதிப்பீட்டில் தூணின் நீளமாக எடுத்துக்கொள்ளப்படுவது கண்ணுக்குத் தெரியும் உயரம். தரையில் நின்று பார்த்தால் தூண் பத்தடி; ஆறு கம்பி என்றால் அறுபது அடி. கணக்கு முடிந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் தூண் பூமிக்குள்ளிருந்து கிளம்புகிறது, அதன் கம்பி அதற்கும் கீழே அஸ்திவாரத்தின் அடிவலையிலிருந்து கிளம்புகிறது.

எடுத்துக்கொண்ட தூணில் அஸ்திவாரக் குழியின் அடியில் போட்ட வெறும் கான்கிரீட்டின் மேல்மட்டம் தரைக்கு 1.50 மீட்டர் கீழே இருக்கிறது. அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே மேல்நோக்கிய அளவு. 0.45 மீட்டர் வரை அஸ்திவாரத்தின் தடிமன். தரைக்கு மேல் 0.60 மீட்டர் உயர்த்திய பிளிந்த் பீமின் மேல்மட்டம் 2.10 மீட்டரில். அங்கிருந்து கூரைத் தளத்தின் மேல்மட்டம் 3.15 மீட்டர் உயரத்தில், ஆக 5.25 மீட்டரில்.

கம்பி பூஜ்யத்திலேயே நிற்பதில்லை. அடியில் 50 மி.மீ. கவர் பிளாக், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக 12 மி.மீ. வலை, அந்த வலையின் மேல் தூண் கம்பி உட்காருகிறது. ஏறத்தாழ 75 மி.மீ. கழிக்க வேண்டும். உச்சியிலும் 40 மி.மீ. கவருக்காகக் கழியும். மிஞ்சுவது 5.135 மீட்டர். இனிச் சேர்ப்பது: வலையின் மேல் உட்காருவதற்காக அடியில் 300 மி.மீ. கால் மடிப்பு, கூரைப் பீமுக்குள் படுப்பதற்காக உச்சியில் இன்னொரு 300. கூட்டினால் 5.735. வளைவில் கம்பி மூலையைத் தொடாமல் சுற்றிப் போவதால் ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் விட்டத்தின் இருமடங்கு, அதாவது 32 மி.மீ. கழிப்பது வழக்கம். இரண்டு வளைவைக் கழித்தால் 5.67 மீட்டர்.

வளைவுக் கழிப்பு சிறிய தொகை. அதை விட்டுவிட்டால் ஒரு கம்பிக்கு எட்டு ரூபாய்கூட வித்தியாசம் வராது. ஆனால் பிளிந்த் மட்டத்துக்குக் கீழே இருக்கும் பகுதியை விட்டுவிட்டால் நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதற்கு இதுவே அளவுகோல்.

ஆறு கம்பிக்கு 34.02 மீட்டர். 1.58 ஆல் பெருக்க 53.75 கிலோ.

ரிங் கணக்கு

ரிங் மெல்லிய கம்பி என்பதால் மதிப்பீட்டில் அதற்கு மரியாதை குறைவு. பலர் நிற்கும் கம்பிக்குக் கணக்குப் போட்டுவிட்டு, ரிங்குக்கு அதில் கால்வாசி என்று குத்துமதிப்பாக எழுதிவிடுகிறார்கள். இந்தத் தூணில் அந்தக் குத்துமதிப்பு எவ்வளவு தவறுகிறது என்பது கீழே தெரியும்.

முதலில் ஒரு ரிங்கின் நீளம். தூணின் நான்கு பக்கமும் 40 மி.மீ. கவர் போக ரிங்கின் வெளியளவு 220 × 370 மி.மீ. சுற்றளவு 1.18 மீட்டர். இரண்டு முனைகளும் மூலைக் கம்பியைச் சுற்றி, தூணின் உட்புறம் நோக்கி 135 பாகை மடிய வேண்டும். மடிப்புக்குப் பிறகு நேராக நிற்கும் வால் குறைந்தது 65 மி.மீ. இருக்க வேண்டும் என்பது நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 விதி. வேலைத்தளத்தில் முனைக்கு மூன்று அங்குலம் கூட்டுகிறார்கள், அது 1.33 மீட்டர் ஆகும். மூலைகளில் கம்பி சுருங்குவதைக் கழித்தால் 1.31 மீட்டர் சரியான அளவு. மடிப்பை வெறும் செங்கோணமாக விட்டு வாலையும் இரண்டு அங்குலத்தில் நிறுத்தினால் ரிங் ஒன்றுக்குச் சில சென்டிமீட்டர் மிச்சமாகும். கான்கிரீட் உடைந்து உதிரும் நேரத்தில் அப்படிப்பட்ட ரிங் பிரிந்து விரியும் என்பதால் அந்த மிச்சத்துக்கு அர்த்தமில்லை.

இந்தத் தூணின் நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு கம்பி நிற்கிறது. மூலைக் கம்பிகளை ரிங் இறுக்கிப் பிடிக்கிறது. நடுக்கம்பியை வெறுமனே உரசிக்கொண்டு போகிறது. பக்கத்துக் கம்பிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 75 மி.மீ.யைத் தாண்டினால் அதையும் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. இங்கே இடைவெளி 170 மி.மீ.யை ஒட்டி வருகிறது. ஆகவே எதிரெதிரே உள்ள இரண்டு நடுக்கம்பிகளையும் இணைத்து, இரு முனையும் கொக்கியாக மடித்த ஒரு லிங்க் ஒவ்வொரு ரிங்கோடும் வரும். அதன் நீளம் 0.40 மீட்டர். கட்டுகிறபோது அதிகம் விடுபடுவதும் மதிப்பீட்டில் அதிகம் விடுபடுவதும் இந்த லிங்க்தான்.

அடுத்தது எண்ணிக்கை. உயரத்தை இடைவெளியால் வகுத்து ஒன்று கூட்டு என்பது பழகிய சூத்திரம். ரிங் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இருந்தால்தான் அது பொருந்தும். பீம் வந்து சேரும் மூட்டுகளுக்கு மேலும் கீழும் ரிங்கை நெருக்கமாக வைக்கச் சொல்கின்றன நிலநடுக்க விதிகள். எவ்வளவு நெருக்கம், ரிங்குக்கு எந்த விட்டம் என்பது பொறியாளரின் கணக்கு. செலவுக் கணக்கு போடுகிறவர் வரைபடத்தில் உள்ளதை உள்ளபடி எடுக்க வேண்டும். இந்தத் தூணின் வரைபடத்தில் மூட்டிலும் அதை ஒட்டிய 450 மி.மீ.யிலும் 75 மி.மீ. இடைவெளி, மற்ற இடத்தில் 150.

கீழிருந்து எண்ணிக்கொண்டு போகலாம். நெருக்கமான ரிங் அஸ்திவாரத்துக்குள்ளும் 300 மி.மீ. இறங்குகிறது, எனவே 0.15 மீட்டரில் தொடங்கி 0.90 வரை 75 மி.மீ. வீதம் 10 இடைவெளி. 0.90 முதல் 1.35 வரை 150 வீதம் 3. அங்கிருந்து பிளிந்த் பீமின் கீழே, உள்ளே, மேலே எனத் தொடர்ந்து 2.55 வரை நெருக்கம்: 16. பிறகு தூணின் வெளிப்படையான நடுப்பகுதி 4.35 வரை 150 வீதம் 12. கடைசியாகக் கூரைப் பீமின் கீழ் 450 மி.மீ.யும் பீமின் ஆழமும் சேர்ந்து 5.25 வரை நெருக்கமாக 12. ஆக 53 இடைவெளி, 54 ரிங்.

முழுத் தூணுக்கும் 150 என்று எடுத்துப் பழைய சூத்திரத்தைப் போட்டிருந்தால் 35 ரிங்தான் வந்திருக்கும். பத்தொன்பது ரிங் காணாமல் போயிருக்கும், அவற்றோடு பத்தொன்பது லிங்கும்.

54 ரிங்குக்கு 70.74 மீட்டர், 54 லிங்குக்கு 21.60 மீட்டர், கூட்டினால் 92.34 மீட்டர். 0.395 ஆல் பெருக்க 36.47 கிலோ. நிற்கும் கம்பியின் 53.75 கிலோவில் இது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். கால்வாசி என்று எழுதியவர் 13 கிலோ வாங்கியிருப்பார்; பாதித் தூண் கட்டி முடிவதற்குள் 8 மி.மீ. கம்பி தீர்ந்துபோய், ரிங்கை இரண்டு விரல்கடை தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்லும் நிலை வந்திருக்கும்.

இரண்டையும் சேர்த்தால் தூணுக்குள் போய்ச் சேரும் கம்பி 90.22 கிலோ. வெளியே தெரியும் 3.15 மீட்டரை மட்டும் எடுத்து, ரிங்கை 150 மி.மீ.க்கு ஒன்றாக வைத்து, லிங்கையும் கொக்கியையும் மறந்து கணக்கிட்டால் சுமார் 40 கிலோ வரும். விலை பேரம் பேசி இந்த இடைவெளியை நிரப்பவே முடியாது.

இந்த விடையைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. தூணின் பரப்பில் ஒரு சதவீதம் கம்பி என்றால் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 78.5 கிலோ. அஸ்திவாரத்துக்கு மேல் தூணின் கன அளவு 0.648 கன மீட்டர். 0.89 சதவீதத்துக்கு 45 கிலோ வருகிறது. கணக்கில் கிடைத்த 53.75 கிலோவில் அஸ்திவாரத்துக்குள் இருக்கும் பகுதியும் இரண்டு மடிப்பும் அடங்கியுள்ளன; அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. இவை ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு கம்பியின் எண்ணிக்கையோ புள்ளியோ தவறியிருக்கிறது என்று பொருள்.

பன்னிரண்டு மீட்டர் கம்பியில் வெட்டுவது

கடையில் கம்பி 12 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. தேவைப்படும் மீட்டரை அப்படியே வாங்க முடியாது. எத்தனை முழுக் கம்பி என்பதுதான் கேள்வி. பல மதிப்பீடுகளில் சேதாரம் என்று மூன்று முதல் ஐந்து சதவீதம் பொதுவாகச் சேர்த்துவிடுகிறார்கள். பெரிய கட்டடத்துக்கு அது பொருந்தலாம். ஒரு தூணுக்கோ ஒரு சிறிய வீட்டுக்கோ வெட்டும் அளவைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

5.67 மீட்டர் துண்டு 12 மீட்டரில் இரண்டு கிடைக்கும்; 66 செ.மீ. மிஞ்சும். ஆறு துண்டுக்கு மூன்று கம்பி. மிச்சம் மூன்று துண்டும் சேர்ந்து 3.1 கிலோ. 8 மி.மீ. கம்பியில் 1.31 மீட்டர் ரிங் ஒன்பது வெட்டினால் 21 செ.மீ. மிஞ்சும், 54 ரிங்குக்குச் சரியாக ஆறு கம்பி. லிங்க் ஒரு கம்பியில் முப்பது வரும். 54க்கு இரண்டு கம்பி, 2.40 மீட்டர் கையில் மிஞ்சும். அது வீணல்ல, அடுத்த தூணுக்குப் போகும்.

ஆக வாங்குவது 16 மி.மீ.யில் மூன்று கம்பி, 36 மீட்டர், 56.88 கிலோ. 8 மி.மீ.யில் எட்டு கம்பி, 96 மீட்டர், 37.92 கிலோ. மொத்தம் 94.80 கிலோ. தேவையைவிட 4.58 கிலோ கூடுதல், ஐந்து சதவீதம். இந்தத் தூணில் பொதுச் சேதார விதி தற்செயலாகப் பொருந்திவிட்டது.

அது எப்போதும் பொருந்தாது. இதே வீட்டில் மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்று உரிமையாளர் முடிவு செய்தால் உச்சி மடிப்பு போய், கம்பி கூரைக்கு மேல் நீள வேண்டியிருக்கும். கம்பியோடு கம்பி சேரும் லேப் நீளம் இந்தக் கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் விட்டத்தின் ஐம்பது மடங்கு, அதாவது 0.80 மீட்டர். தளத்துக்கு மேல் உடனே லேப் போடுவது கட்டுகிறவர்களுக்கு வசதி. ஆனால் நிலநடுக்க விதி அதை மாடித் தூண் உயரத்தின் நடுப் பாதிக்குள்தான் அனுமதிக்கிறது. லேப்பை 0.95 மீட்டரில் தொடங்கினால் கம்பி தளத்துக்கு மேல் 1.75 மீட்டர் நிற்கும். துண்டின் நீளம் 7.19 மீட்டர் ஆகிறது. 12 மீட்டரில் இரண்டு கிடைத்துக்கொண்டிருந்தது இப்போது ஒன்றுதான். மூன்று கம்பி வாங்கிய இடத்தில் ஆறு கம்பி வாங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 4.81 மீட்டர் மிஞ்சும். துண்டு ஆறு மீட்டரைத் தாண்டியதும் கொள்முதல் இரட்டிப்பாகிறது. ஐந்து சதவீதச் சேதாரம் எழுதியவரின் கணக்கில் இது எங்குமே தெரியாது.

மாடியையும் இப்போதே கட்டுவதானால் அந்த மிச்சத்திலிருந்தே மாடித் தூணுக்கான 2.43 மீட்டர் துண்டு கிடைத்துவிடும். லேப் இல்லாமல் அடியிலிருந்து மாடிக் கூரை வரை ஒரே கம்பியாக நிறுத்தினாலும் 8.82 மீட்டர்தான், அதுவும் ஒரே 12 மீட்டர் கம்பிக்குள் அடங்கும். ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லேப் வரக்கூடாது என்பதால் மூன்றை முழுசாகவும் மூன்றை லேப் வைத்தும் நிறுத்துவது இயல்பான ஏற்பாடு. எப்படிச் செய்தாலும் ஆறு கம்பிதான். லேப் வைத்த கம்பியில் 0.80 மீட்டர் கூடச் செலவாகிறது, அவ்வளவே. முழுக் கம்பியை நிறுத்துவதில் கட்டும்போது தொந்தரவு உண்டு. கூரைக்கு மேல் மூன்று மீட்டருக்கு மேல் நீண்ட கம்பி காற்றில் ஆடும். அதைச் சாரத்தோடு பிடித்துக் கட்டாவிட்டால் புதிய கான்கிரீட்டில் கம்பியைச் சுற்றிப் பிடிப்பு தளரும்.

மாடி பத்து வருடம் கழித்துத்தான் என்றால் கணக்கு வேறு. கூரைமேல் துருத்திக்கொண்டு நிற்கும் கம்பியின் பணம் இன்றே முடங்குகிறது. மூடாமல் விட்டால் துருப்பிடித்து எடையும் விட்டமும் குறைகின்றன. மெலிந்த கான்கிரீட்டால் அதை மூடிவைக்கும் செலவையும் சேர்த்துத்தான் அந்த 1.75 மீட்டரின் விலையைப் பார்க்க வேண்டும்.

விலையும் பில்லும்

கம்பியின் விலை அன்றாடம் ஏறி இறங்குவது. இங்கே கணக்குக்காக 16 மி.மீ. கிலோ ரூ.60, 8 மி.மீ. கிலோ ரூ.62 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வரிக்கு முந்தைய விலை. மெல்லிய கம்பிக்குக் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடுவது சந்தை வழக்கம். ஜிஎஸ்டி 18 சதவீதம்.

16 மி.மீ. 56.88 கிலோவுக்கு ரூ.3,412.80. 8 மி.மீ. 37.92 கிலோவுக்கு ரூ.2,351.04. கூட்டினால் ரூ.5,763.84. வரி ரூ.1,037.49. ஆக ரூ.6,801. கட்டுக்கம்பி டன்னுக்கு எட்டு முதல் பத்து கிலோ பிடிக்கும். இந்தத் தூணுக்கு ஒரு கிலோ. அதற்கு ரூ.80 வைத்தால் மொத்தம் ரூ.6,881. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டிவாடகை, கம்பி கட்டும் கூலி எல்லாம் இதற்கு வெளியே.

விலை கேட்கும்போது வரி உள்ளேயா வெளியேயா என்று கேட்காமல் இரண்டு கடையை ஒப்பிட்டால் ஒப்பீடே தலைகீழாகிவிடும். ரூ.60 என்று சொல்பவரின் கம்பி வீட்டுக்கு வரும்போது ரூ.70.80, வரியோடு ரூ.69 என்று சொல்பவரின் கம்பி அதைவிட மலிவு. வண்டிவாடகையை ஒருவர் விலைக்குள் அடக்கியும் மற்றவர் தனியாகவும் சொல்வதும் இதே வகைதான்.

விலையை மீட்டருக்கு மாற்றி வைத்துக்கொள்வது வேலைத்தளத்தில் பெரிய உதவி. வரியோடு 16 மி.மீ. மீட்டர் ஒன்று ரூ.111.86; 8 மி.மீ. மீட்டர் ரூ.28.90. இந்த இரண்டு எண்கள் கையிலிருந்தால் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லலாம். ஒரு ரிங்கும் லிங்கும் சேர்ந்து ஏறத்தாழ ரூ.49. மூட்டருகே நெருக்கியதால் கூடிய பத்தொன்பது அடுக்குகளின் விலை ரூ.940ஐ ஒட்டி வருகிறது. ஒரு லேப் ரூ.90. மூட்டருகே ரிங்கை நெருக்குவதா வேண்டாமா என்று யாராவது செலவைக் காட்டித் தயங்கினால், தயக்கத்தின் மொத்த மதிப்பு தூணுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு என்பது இப்படித் தெரியவரும்.

எடையில் நழுவும் பணம்

1.58 கிலோ என்பது ஏட்டு எடை. ஆலையில் உருட்டி வரும் கம்பி துல்லியமாக அந்த எடையில் இருக்காது. ஐ.எஸ். 1786 ஒரு தொகுதிக் கம்பிக்கு அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வு 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதம், அதைவிடத் தடித்தவற்றுக்கு 3 சதவீதம். எனவே 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.50 முதல் 1.66 கிலோ வரை இருக்கலாம், 8 மி.மீ. 0.367 முதல் 0.423 வரை. இந்த எல்லைக்குள் இருப்பது குறைபாடல்ல.

பணம் யாருக்குப் போகிறது என்பது பில் போடும் முறையைப் பொறுத்தது. சில கடைகளில் தராசில் நிறுத்துக் கிலோக்கணக்கில் பில் போடுகிறார்கள். சில கடைகளில் கம்பியை எண்ணி, ஏட்டு எடையால் பெருக்கிப் பில் போடுகிறார்கள். கம்பி 5 சதவீதம் மெலிந்தது என்று வைத்துக்கொண்டால், மூன்று கம்பியின் உண்மை எடை 54.04 கிலோ. எண்ணிப் போட்ட பில்லில் 56.88 கிலோ இருக்கும். 2.84 கிலோவுக்கு, வரியோடு ஏறத்தாழ ரூ.200, வராத எஃகுக்காகக் கொடுத்ததாகும். நிறுத்து வாங்கியிருந்தால் இந்த இழப்பு இல்லை. மெலிந்த கம்பியில் கிலோவுக்கு நீளம் கூடக் கிடைப்பதால் பில் குறையவே செய்யும்.

ஆகவே நிறுத்து வாங்குகிறவருக்கு மெலிந்த கம்பி லாபம்போலத் தெரியும். ஆனால் தூணுக்குள் நிற்கும் எஃகின் பரப்பு அதே விகிதத்தில் குறைந்திருக்கிறது. இந்தத் தூணில் 0.89 சதவீதம் 0.85 ஆகும், 0.8 என்ற கீழ் எல்லைக்கு மேல்தான் நிற்கிறது. எல்லையை மீறிய கம்பி, உதாரணமாகப் பத்து சதவீதம் மெலிந்த கம்பி, தூணை அந்த எல்லையிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு.

மேலே சொன்ன ஏற்றத்தாழ்வு தொகுதியின் சராசரிக்கானது. தனியொரு துண்டின் எடை அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறையலாம் என்பதால் ஒரே துண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மூன்று நான்கு கம்பியிலிருந்து எடுத்துப் பார்ப்பது நல்லது.

கம்பியின் விட்டத்தை வெர்னியரால் அளப்பது இதற்கு உதவாது. முறுக்குக் கம்பியின் மேல் வரிவரியாக மேடு இருப்பதால் வரியின் மேல் வைத்தால் கூடவும் பள்ளத்தில் வைத்தால் குறையவும் காட்டும். எடைதான் அளவு. கம்பியின் நடுவிலிருந்து ஒரு மீட்டர் துண்டைச் சரியாக வெட்டி, மண்ணையும் உதிரும் துருவையும் துடைத்துவிட்டு, கிராம் காட்டும் தராசில் வைக்க வேண்டும். 16 மி.மீ. துண்டு 1,580 கிராமுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதே விடை. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இறங்குகிற துண்டுகள் ஒன்றுக்கு மேல் வந்தால் சரக்கைச் சந்தேகிக்கலாம். 8 மி.மீ.க்கு அந்தக் கோடு 367 கிராம். லாரி நிறுக்கும் வே பிரிட்ஜ் ஐந்து, பத்து கிலோப் படிகளில் காட்டுவதால் டன் கணக்கான சுமைக்குத்தான் ஏற்றது. தூண் ஒன்றின் 95 கிலோவை அதில் சரிபார்க்க முடியாது.

கட்டு எண்ணி வாங்குவதிலும் இதே கவனம் வேண்டும். 8 மி.மீ. கம்பி பத்து சேர்ந்து ஒரு கட்டு, 16 மி.மீ. மூன்று சேர்ந்து ஒரு கட்டு என்பது பல ஆலைகளின் வழக்கம். 16 மி.மீ. கட்டின் ஏட்டு எடை 56.88 கிலோ, 8 மி.மீ. கட்டினுடையது 47.40. எனவே இந்தத் தூணுக்கு ஒரு முழுக் கட்டும் இன்னொன்றில் எட்டுக் கம்பியும். கட்டில் எண்ணிக்கை சரியாக இருந்தும் கம்பியின் நீளம் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைந்திருப்பது உண்டு. ஒரு கம்பியில் 20 செ.மீ. குறைந்தாலும் 5.67 மீட்டர் துண்டு இரண்டு கிடைத்துவிடும். ரிங் கம்பியில் 25 செ.மீ. குறைந்தால் ஒன்பதாவது ரிங் கிடைக்காது. வெட்டத் தொடங்கும் முன் நாடாவைப் பிடித்துப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

எந்த எடைக்குப் பணம்

ஒரே தூணுக்கு இப்போது இரண்டு எடைகள் கிடைத்துள்ளன: தூணுக்குள் போனது 90.22 கிலோ, கடையில் வாங்கியது 94.80 கிலோ. உரிமையாளரே கம்பி வாங்கிக்கொடுத்து, ஒப்பந்ததாரர் கூலிக்குக் கட்டினால் உரிமையாளரின் செலவு இரண்டாவது எடைக்கு. துண்டுகள் அவருக்கே சொந்தம். கம்பியும் சேர்த்து ஒப்பந்தம் என்றால் அளவெடுத்துப் பணம் கொடுப்பது முதல் எடைக்கு. அரசுப் பணிகளில் கம்பியை மீட்டரில் அளந்து, ஏட்டு எடையால் பெருக்கிக் கிலோவாக்குகிறார்கள். வரைபடத்தில் உள்ள கொக்கி, மடிப்பு, லேப் எல்லாம் அளவில் சேரும், வெட்டுச் சேதாரமும் கட்டுக்கம்பியும் சேராது. அவற்றை ஒப்பந்ததாரர் தன் கிலோ விலைக்குள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தூணில் 90.22 கிலோவின் மதிப்பு வரியோடு ரூ.6,474, வாங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் ரூ.328, கட்டுக்கம்பியையும் சேர்த்தால் ரூ.408. ஒப்பந்ததாரர் கிலோவுக்கு நாலரை ரூபாய் கூட்டிச் சொன்னால் அந்தக் கூடுதல் இந்தத் தொகைக்கே சரியாகிவிடுகிறது. அதே ஒப்பந்தத்தில் சேதாரம் ஐந்து சதவீதம் என்று தனி வரியும் இருந்தால் ஒரே துண்டுக் கம்பிக்கு இரண்டு முறை பணம் போகிறது.